ஆள் ஏறினால் வளைவில் கார் நழுவாதா?

"நான் தினமும் போகும் வழியில் பக்கச் சரிவே இல்லாத, தட்டையான வளைவு ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் அளந்து பார்த்தேன். ஆரம் 50 மீட்டர் வருகிறது. வெயில் நாளில் 60 கி.மீ. வேகத்தில் சிரமமில்லாமல் திரும்பிவிடுவேன். போன வாரம் மழையில் அதே வேகத்தில் போனபோது கார் வெளிப்பக்கம் நகர்ந்துவிட்டது. தனியாகப் போனதால்தான் நழுவியது, ஐந்து பேர் ஏறினால் அந்தக் கனத்துக்கே சாலையைப் பிடித்துக்கொள்ளும் என்கிறார் நண்பர். உண்மையா? மழையில் அங்கே எவ்வளவு வேகம் போகலாம்?"

நண்பரை நம்பி அந்த வேகத்தில் போக வேண்டாம். அவர் சொல்வதில் பாதி சரி. கனம் கூடினால் டயர் சாலையை இன்னும் அழுத்தும், உராய்வும் கூடும். ஆனால் கனமான காரைத் திருப்பவும் அதே அளவுக்குக் கூடுதல் விசை வேண்டும். அந்தப் பாதியை அவர் விட்டுவிட்டார்.

கார் தானாக வளையாது; விட்டால் நேராகத்தான் போகும். அதை ஒவ்வொரு நொடியும் வளைவின் மையத்தை நோக்கி யாராவது இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தட்டையான சாலையில் அந்த வேலையைச் செய்ய டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வைத் தவிர வேறு எதுவும் இல்லை. உங்கள் காரின் நிறை 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்து நிறையால் பெருக்கினால், திரும்பத் தேவையான மையநோக்கு விசை கிடைக்கும்: சுமார் 5,560 நியூட்டன்.

இனி இருப்பைப் பார்ப்போம். உராய்வு தரக்கூடிய அதிகபட்ச விசை, உராய்வுக் குணகத்தை எடையால் பெருக்கினால் வருவது. காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயருக்கு அந்தக் குணகம் 0.8 அளவில் இருக்கும். அப்படியானால் 7,840 நியூட்டன் வரை கிடைக்கும். தேவையைவிட அதிகம், அதனால் வெயில் நாளில் திரும்பிவிடுகிறீர்கள். நனைந்த சாலையில் 0.4 என்று வைத்தால் கிடைப்பது 3,920 மட்டுமே. தேவை 5,560. கார் நகர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

ஐந்து பேரும் சாமானும் ஏறி நிறை 1400 கிலோ ஆகட்டும். நனைந்த சாலையில் கிடைக்கும் விசை 5,490 ஆக உயர்கிறது. உங்கள் நண்பர் பார்ப்பது இந்த உயர்வைத்தான். ஆனால் தேவையும் 7,780 ஆகிவிடுகிறது. பற்றாக்குறை விகிதம் துளியும் மாறவில்லை. எழுதிப் பார்த்தால் இரண்டு பக்கமும் நிறை அடிபட்டுப்போய், மிஞ்சுவது இவ்வளவுதான்:

v² = μ g r

இதில் v வேகம், μ உராய்வுக் குணகம், r ஆரம், g புவியீர்ப்பு முடுக்கம் (9.8). காரின் எடைக்கு இதில் இடமே இல்லை. 50 மீட்டர் ஆரத்துக்குக் கணக்கிட்டால் காய்ந்த சாலையில் எல்லை மணிக்கு 71 கி.மீ., நனைந்த சாலையில் 50 கி.மீ. உராய்வு பாதியானபோது வேக எல்லை பாதியாகவில்லை என்பதைக் கவனியுங்கள்; வர்க்கமூலம் என்பதால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் இறங்கியிருக்கிறது. இதே கணக்கின் மறுபக்கம்தான் ஆபத்தானது: 50-லிருந்து 60-க்குப் போவது பத்து கி.மீ. கூடுதல் என்று தோன்றும், ஆனால் டயரிடம் கேட்கும் விசை 44 சதவீதம் ஏறிவிடுகிறது.

எல்லையைத் தாண்டினால் கார் வெளியே தூக்கி எறியப்படுவதில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அப்படித் தோன்றும், அவ்வளவுதான். நடப்பது என்னவென்றால், கார் சாலையைவிடக் குறைவாக வளைகிறது. 0.4 குணகம் கொண்டு 60 கி.மீ. வேகத்தில் போடக்கூடிய மிகச் சிறிய வட்டத்தின் ஆரம் 71 மீட்டர். சாலை 50 மீட்டர் ஆரத்தில் வளைகிறது, கார் 71-இல் வளைகிறது. முதல் 20 மீட்டரிலேயே உங்கள் பாதையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் வெளியே போயிருப்பீர்கள். அந்தத் தூரத்தைக் கடக்க ஆகும் நேரமும் 1.2 நொடிதான், என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் எதிர்த்தடத்திலோ சாலை ஓரத்திலோ இருப்பீர்கள்.

இந்தக் கணக்கும் கொஞ்சம் தாராளமானது. உருளும் டயரின் தரையைத் தொடும் பகுதி, தொட்டிருக்கும் அந்தக் கணத்தில் தரையில் வழுக்குவதில்லை. அதனால் கிடைப்பது ஓய்வுநிலை உராய்வு. ஒருமுறை முழுதாக வழுக்கத் தொடங்கிவிட்டால் இயக்க உராய்வுதான் மிஞ்சும். அது இன்னும் குறைவு. அதோடு அதன் திசை வழுக்கலுக்கு எதிராக இருக்குமே தவிர, நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பிய பக்கம் இருக்காது. ஸ்டீயரிங் திடீரென்று லேசாகி, மேலும் திருப்பினாலும் கார் மேலும் திரும்பவில்லை என்றால் முன்டயர்கள் எல்லைக்கு வந்துவிட்டன என்று பொருள். காய்ந்த சாலையில் பெரும்பாலும் டயர் கிறீச்சிட்டு எச்சரிக்கும். மழையில் அந்தச் சத்தத்தை எதிர்பார்க்க முடியாது. அப்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்காதீர்கள்.

சரி, மழையில் 50 எல்லை என்றால் 48-இல் போகலாமா? கூடாது. இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். டயரிடம் இருப்பது ஒரே கையிருப்பு. திரும்புவதும் பிரேக் பிடிப்பதும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில் இருப்பதால் நேராகக் கழிக்க முடியாது, பைதாகரஸ் முறையில் கழிக்க வேண்டும். நனைந்த நேர்சாலையில் உங்கள் பிரேக் அதிகபட்சம் 3.9 மீ/நொடி² எதிர்முடுக்கம் தரும். அந்த வளைவில் 50-இல் போகும்போது திரும்புவதற்கே 3.86 செலவாகிவிடுகிறது, பிரேக்குக்கு மிஞ்சுவது 0.7 கூட இல்லை. குறுக்கே ஒருவர் வந்தால் நிறுத்தவே முடியாது. 45-இல் 2.4 மிஞ்சும். 35-க்கு இறங்கினால் திரும்ப 1.9 போதும், பிரேக்குக்கு 3.4 மிஞ்சுகிறது. அதாவது கையிருப்பில் பாதியைத் திரும்பச் செலவழித்தாலும் பிரேக்கின் திறனில் எட்டில் ஏழு பங்கு அப்படியே இருக்கிறது. அதனால் என் பதில் 35. வளைவுக்கு முன்னால் நேர்சாலையிலேயே அந்த வேகத்துக்கு இறங்கிவிடுங்கள், உள்ளே நுழைந்த பிறகு பிரேக் தேடாதீர்கள்.

35-க்கு இன்னொரு காரணமும் உண்டு. 0.4 என்பது டயரின் பள்ளங்கள் நன்றாக இருந்து, தண்ணீர் வழிந்தோடும் சாலைக்கான மதிப்பு. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து குழைந்திருக்கும்போதும், டயர் தேய்ந்திருக்கும்போதும் அது 0.3-க்கோ அதற்கும் கீழோ இறங்கலாம். 0.3 என்றாலே எல்லை 44 ஆகிவிடும்.

அப்புறம் அந்த ஐந்து பேர் விஷயம். சூத்திரத்தில் எடை அடிபட்டாலும் நிஜ ரப்பர் அவ்வளவு நேர்மையாக நடந்துகொள்வதில்லை. சுமை கூடக்கூட அதன் உராய்வுக் குணகம் சற்றுக் குறையும். வளைவில் வெளிப்பக்க டயர்கள் கூடுதல் சுமை வாங்குவதால் இந்த இழப்பு இன்னும் தெரியும். சாமானைக் கூரை மேல் ஏற்றினால் ஈர்ப்பு மையமும் உயர்ந்து கார் அதிகம் சாயும். ஆள் ஏற்றிப் போகும் நாளில் டயர்க் காற்றை முழுச் சுமைக்கு என்று கார்க் கதவோரத்திலோ கையேட்டிலோ போட்டிருக்கும் அளவுக்கு நிரப்பிவிட்டு, அதே வளைவில் தனியாகப் போவதைவிட ஒரு ஐந்து கி.மீ. குறைத்தே போங்கள்.