ஜன்னலுக்கு வெளியே வேறு காட்சி: திரையும் கண்ணாடியில் தெரியும் விளக்கும் மாறாமல்

கேள்வி: வரவேற்பறையைப் பகலில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வெறும் சாம்பல் நிறச் சுவர். அந்த இடத்தில் ஒரு தோட்டக் காட்சியை போட்டோஷாப்பில் வைத்துப் பார்த்தேன். மெல்லிய வெள்ளைத் திரை கத்தரித்து ஒட்டியது போல இருக்கிறது. கண்ணாடியில் தெரிந்த மேசை விளக்கின் பிரதிபலிப்பும் காணாமல் போய்விட்டது. இரண்டையும் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு. சட்டகம், திரை, பிரதிபலிப்பு மூன்றையும் ஒரே செலக்‌ஷனில் வெட்டப் பார்ப்பதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது. ஜன்னல் சட்டகம் வெளி ஒளியை முழுதாக மறைக்கிறது. மெல்லிய திரை அந்த ஒளியில் ஒரு பங்கைக் குறைக்கிறது. கண்ணாடியில் விழும் பிரதிபலிப்போ வெளி ஒளியின் மேல் தன் ஒளியைக் கூட்டுகிறது. அதனால் சட்டகத்துக்கு மாஸ்க், திரைக்கு Multiply, பிரதிபலிப்புக்கு Screen என்று தனித்தனியாகக் கையாள வேண்டும்.

முதலில் சட்டகம். இது எளிது, பொறுமை மட்டும் தேவை. Pen Tool எடுத்து ஒவ்வொரு கண்ணாடியின் உள்விளிம்பையும் சுற்றி வாருங்கள். அதைச் செலக்‌ஷனாக மாற்றும்போது Feather 0.5 பிக்சல் போதும். பிறகு ஒரு குரூப் உருவாக்கி, இந்த மாஸ்க்கை அந்தக் குரூப்புக்கே போடுங்கள். இனி செய்வதெல்லாம் குரூப்புக்குள்ளேதான் நடக்கும். அடியில் தோட்டம், அதன் மேல் பிரதிபலிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே திரை என்று லேயர்கள் இருக்கட்டும். திரை அறைக்குள் தொங்குகிறது, கண்ணாடி அதற்குப் பின்னால் இருக்கிறது. இந்த வரிசையை மாற்றினால் விளக்கின் ஒளி துணிக்கு முன்னால் மிதப்பது போலத் தெரியும்.

தோட்டப் படத்தை நிறுத்தும்போது தொடுவானம் எங்கே வருகிறது என்று பாருங்கள். அறையின் தரைக்கோடுகளையும் கூரைக்கோடுகளையும் நீட்டினால் அவை ஒரு புள்ளியில் சந்திக்கும். கேமராவைச் சாய்க்காமல் எடுத்த படமென்றால், அந்தப் புள்ளியின் உயரம்தான் கேமராவின் கண்மட்டம். தோட்டத்தின் தொடுவானமும் அதே உயரத்தில் வர வேண்டும். மரங்கள் மறைத்திருந்தால் தோட்டப் படத்திலும் பாதை, வேலி போன்ற கோடுகளை நீட்டிக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். இது பிசகினால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் வெளியே ஒரு போஸ்டர் ஒட்டியது போலத்தான் இருக்கும். மாடி அறை என்றால் தரையில் நின்று எடுத்த தோட்டப் படம் உதவாது. மேலிருந்து பார்க்கும்போது தரை எப்படித் தெரியுமோ, அப்படி எடுத்த படம்தான் வேண்டும்.

இப்போது பிரதிபலிப்பு. உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. வெளியே இருப்பது ஒரே சீரான, ஓரளவு இருண்ட சுவர். அதனால் சுவரைக் கழித்துவிட்டு விளக்கை மட்டும் பிரித்தெடுக்கலாம். மூலப்படத்தின் பிரதியை, தோட்டத்துக்கு மேலே குரூப்புக்குள் வையுங்கள். Info பேனலைத் திறந்து, பிரதிபலிப்பு இல்லாத இடத்தில் சுவரின் மதிப்பைப் பாருங்கள். 90 என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிரதியின் மேல் Levels திறந்து, இடது பக்கக் கறுப்பு முனையை 90க்குக் கொண்டுவாருங்கள். அதோடு நிறுத்தினால் மிச்சமிருப்பது இழுபட்டு, விளக்கு தேவைக்கு மேல் பளிச்சிடும். எனவே Output Levels வரிசையில் வலது முனையை 165 ஆக்குங்கள். 255இலிருந்து 90 போனால் 165. இப்போது நடப்பது வெறும் கழித்தல்தான். சுவர் முழுக் கறுப்பாகிவிடும். முன்பு 170 ஆக இருந்த விளக்கு 80 ஆக நிற்கும். இந்த லேயரில் திரை வரும் இடத்தை மாஸ்க்கால் மறைத்துவிட்டு, லேயரை Screen ஆக மாற்றினால் கறுப்பு மறைந்து விளக்கு மட்டும் தோட்டத்தின் மேல் தெரியும்.

சுவரில் லேசான நிறச்சாயல் இருந்தால் R, G, B மூன்றின் மதிப்பும் வேறுபடும். அப்போது Levels பெட்டியில் ஒவ்வொரு சேனலாகத் தேர்ந்து, அதனதன் மதிப்பைக் கழியுங்கள். சுவர் சொரசொரப்பாக இருந்தால் அதன் வெளிச்சமான புள்ளிகள் மிஞ்சி, இலைகளின் மேல் புழுதி போலப் படியும். கறுப்பு முனையை இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள், அப்படியும் மிஞ்சுவதை மாஸ்க்கில் மென்மையான பிரஷ்ஷால் நீக்குங்கள்.

ஒன்றைக் கவனிப்பீர்கள்: விளக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவில் தெரியாது. மதிப்பு 40 உள்ள இருண்ட இலைமேல் அது விழுந்தால் அந்த இடம் 107 ஆகி நன்றாகத் தெரியும். 235 உள்ள வானத்தின்மேல் விழுந்தால் 241தான் ஆகும், கண்ணுக்கே எட்டாது. இது பிழை இல்லை, உண்மையான கண்ணாடியும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. பலர் இங்கே பொறுமை இழந்து, வானத்தின் மேலும் விளக்கு தெரியட்டும் என்று அந்த லேயரின் வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறார்கள். உடனே படம் பொய்யாகிறது. விளக்கு தெரிந்தே ஆக வேண்டுமென்றால், தோட்டத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி, அந்த இடத்தில் ஒரு அடர்ந்த மரம் வரும்படி செய்யுங்கள். வேறொரு படத்தில் வெளிப்புறம் வெளிறி வெள்ளையாகவே இருந்தால் அதில் பிரதிபலிப்பு பதிவாகியிருக்காது. அங்கே காப்பாற்ற ஒன்றுமில்லை, புதிதாக வரையவும் வேண்டாம்.

கடைசியாகத் திரை. மூலப்படத்தின் இன்னொரு பிரதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, மாஸ்க் போட்டு, திரை மட்டும் தெரியும்படி விடுங்கள். துணியின் விளிம்புக்கு Feather 1 அல்லது 2 பிக்சல் இருக்கட்டும். சட்டகத்தைப் போலக் கூராக வெட்டினால் காகிதம் போல நிற்கும். வெள்ளைத் திரை என்பதால் Desaturate செய்து நிறத்தை எடுத்துவிடலாம். பிறகு Levelsஇல் வெள்ளை முனையை, திரையின் மிக மெல்லிய பகுதி எவ்வளவு வெளிச்சமோ அதுவரை இறக்குங்கள். அந்த இடம் 255 ஆகிவிடும், மடிப்புகள் மட்டும் சாம்பலாக நிற்கும். இப்போது Multiply கொடுத்தால் தோட்டத்தின் மேல் மடிப்புகள் படியும்.

ஆனால் இதோடு விட்டால் திரை அழுக்குக் கண்ணாடி போலத் தெரியும். மெல்லிய துணி ஒளியைக் குறைப்பதோடு, தானும் கொஞ்சம் ஒளிர்கிறது. அதற்குப் பின்னால் உள்ள இருட்டு, முழு இருட்டாக இருக்கவே இருக்காது. ஆகவே திரைக்குப் பின்னால் வரும் தோட்டத்தைத் தனி லேயராகப் பிரித்து, லேசாக Gaussian Blur கொடுத்து, Curvesஇல் இடது கீழ் முனையை 0இலிருந்து 50 அளவுக்கு ஏற்றுங்கள். இலைகளின் கறுப்பு வெளிறிப் பால் போன்ற ஒரு மூட்டம் வரும். திரை துணியாக மாறுவது இந்தப் படியில்தான். துணி பல மடிப்பாகச் சேர்ந்து கனமாக இருக்கும் இடங்களில் வெளிக்காட்சியே தெரியக் கூடாது. குரூப் மாஸ்க்கில் அங்கே மென்மையான கறுப்பு பிரஷ்ஷால் பூசி, மூலத்திரையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சட்டகத்துக்கு முன்னால் வரும் துணியும் மூலப்படத்திலேயே இருக்கட்டும். கண்ணாடிக்கு முன்னால் வரும் துணியோடு அதன் வெளிச்சம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள், வேறுபட்டால் Curvesஇல் ஏற்றிய அளவைக் கூட்டிக் குறையுங்கள்.

அப்புறம் தோட்டத்தின் வெளிச்சம். பகலில் வெளிப்புறம் அறையைவிட வெளிச்சமாகத்தான் இருக்கும். தோட்டத்தின் அழகைக் காட்ட ஆசைப்பட்டு அதை இருட்டாக்கிவிடாதீர்கள், சற்றே வெளிறினாலும் பரவாயில்லை. சுவர் இருந்தபோது ஜன்னல் கட்டையிலும், பளபளக்கும் தரையிலும் சாம்பல் சாயல் விழுந்திருக்கும். அங்கே Color பயன்முறையில் ஒரு புது லேயர் வைத்து, தோட்டத்திலிருந்து எடுத்த பச்சையை 10 சதவீத அளவில் பூசுங்கள். தரையில் ஜன்னலே தெளிவாகப் பிரதிபலித்தால் தோட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி, நன்றாக மங்கலாக்கி, அந்த இடத்திலும் வைக்க வேண்டியிருக்கும்.