பிரண்டைத் துவையல்: தொண்டை ஏன் அரித்தது, எவ்வளவு சாப்பிடலாம்?

"எனக்கு 52 வயது. எலும்பு அடர்த்தி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பிரண்டை நல்லது என்றார்கள். வீட்டு வேலியில் படர்ந்திருந்ததைப் பறித்து, எண்ணெயில் லேசாக வதக்கித் துவையல் அரைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டதுமே நாக்கும் தொண்டையும் அரிக்க ஆரம்பித்து, ராத்திரி வரை விடவில்லை. வாயுத் தொல்லை இருக்கும் 74 வயது மாமனாரும் கேட்கிறார். அவருக்கு முன்பு சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, பச்சையாகச் சாறு எடுத்துக் குடித்தால்தான் எலும்புக்குப் பலன் என்கிறார். தினமும் சாப்பிடலாமா? மீதித் துவையல் ஃபிரிட்ஜில் இருக்கிறது, கொட்டிவிடவா?"

முதலில் அந்த அக்காவுக்குப் பதில்: பச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். வதக்கியதற்கே உங்கள் தொண்டை பட்ட பாடு தெரியும். பச்சையாகக் குடித்தால் அதே அரிப்பு வாயிலிருந்து உணவுக்குழாய் வரைக்கும் இறங்கும்.

பிரண்டைத் தண்டுக்குள் ஊசி வடிவத்தில் நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. கால்சியமும் ஆக்சாலிக் அமிலமும் சேர்ந்து உருவாகும் கால்சியம் ஆக்சலேட் அது. சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு அரிப்பதும் இதனால்தான். பச்சைத் தண்டில் இந்த ஊசிகள் கட்டுக்கட்டாக, வழவழப்பான சாறு நிரம்பிய அறைகளுக்குள் கிடக்கும். தண்டை நறுக்கும்போதோ கடிக்கும்போதோ அறை உடைந்து, சாற்றோடு ஊசிகளும் வெளியே வந்து தோலிலும் நாக்கிலும் குத்துகின்றன. பிள்ளையால் நொந்துபோன தாய் "பெத்த வயித்துல பிரண்டைய வச்சுக் கட்டிக்கணும்" என்று புலம்புவாளே, அந்த எரிச்சல் இதுதான்.

வதக்கினால் ஊசி கரைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கரையாது. அடுப்பில் எண்ணெய் காயும் சூட்டுக்கெல்லாம் கால்சியம் ஆக்சலேட் அழிவதில்லை, தண்ணீரிலும் கரைவதில்லை. வதக்குவதால் மாறுவது தண்டுதான். சாறு வற்றி, சதை சுருங்கி, ஊசிகள் உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. வெளியே வருபவற்றை எண்ணெயும், அரைபட்ட பருப்பும் தேங்காயும் போர்த்திவிடுகின்றன. புளியும் ஊசியைக் கரைப்பதாகச் சொல்வார்கள். சமையலில் போடும் புளியின் அளவுக்கு அப்படிப் பெரிதாகக் கரையாது. ஆனாலும் புளி போட்ட துவையல் அரிப்பது குறைவு என்பது சமைப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த அனுபவம், அதனால் புளியை விடாதீர்கள்.

ஆக, நீங்கள் எழுதியதில் தப்பு "லேசாக" என்ற சொல்லில்தான் இருக்கிறது. மற்ற கீரை, காய் போல இதை அரைவேக்காட்டில் இறக்கக் கூடாது. வேலியில் படர்ந்த கொடி என்பதால் முற்றிய தண்டும் கலந்திருக்கலாம்.

சரி, இப்படிச் செய்து பாருங்கள். கொடியின் நுனியிலிருந்து மூன்று, நான்கு கணுவரைதான் பறிக்க வேண்டும். இரண்டு கணுவுக்கு நடுவே ஒடித்தால் 'படக்'கென்று சுத்தமாக ஒடிய வேண்டும். நார் இழுபட்டுத் தொங்கினால் முற்றல், அதைக் கொடிக்கே விட்டுவிடுங்கள். இரண்டு கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுக்களை வெட்டி எறிந்து, நான்கு ஓரத்திலும் இருக்கும் நாரை முருங்கைக்காய்க்கு உரிப்பதுபோல் உரித்தெடுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் பெரிய துண்டு வேண்டாம். பெரிய துண்டு வெளியே சிவந்திருக்கும், நடுவில் பச்சையாக இருக்கும். பல வீட்டில் அரிப்பு வருவது அந்த நடுப்பகுதியால்தான். நறுக்கியதைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி வடித்தால் வெட்டுவாயில் ஒட்டியிருக்கும் சாறு போய்விடும்.

நார் உரித்து நறுக்கியது 100 கிராம் என்றால் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் வேண்டும். பார்க்க அதிகமாகத் தெரியும், ஆனால் இதில் கஞ்சத்தனம் பார்த்தால் தொண்டை கணக்குக் கேட்கும். வாணலியில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் பரவலாகக் கிடக்க வேண்டும். மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் ஆகும், ஆனால் கடிகாரத்தைவிடக் கண்ணையும் காதையும் நம்புங்கள். போட்டவுடன் பளிச்சென்ற பச்சையாக இருந்து சடசடவென்று பொரியும். கொஞ்ச நேரத்தில் பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்கு வரும். பெரும்பாலோர் இங்கேதான் இறக்கிவிடுகிறார்கள். அடுப்பை அணைக்காதீர்கள். ஓரங்கள் பழுப்பாகி, துண்டு பாதிக்குக் கீழே சுருங்கி, சடசடப்பும் அடங்கிவிட்டால் உள்ளே ஈரம் வற்றிவிட்டது என்று பொருள். அப்போது இறக்கலாம்.

அதே வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, நாலைந்து மிளகாய் வற்றல், சிறு துண்டு இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை வறுத்து, நெல்லிக்காய் அளவு புளி, கொஞ்சம் தேங்காய்த் துருவல், உப்பு சேர்த்து, தண்ணீர் குறைவாக விட்டு நைஸாக அரையுங்கள். கொரகொரப்பாக அரைப்பது மற்றத் துவையலுக்கு ருசி, இதற்கு வேண்டாம்.

பரிமாறும் முன் ஒரு சோதனை. கடுகளவு எடுத்து நாக்கு நுனியில் வைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். அரிப்பு சில சமயம் தாமதித்துத்தான் வரும். ஒன்றும் இல்லையென்றால் சாப்பிடலாம். மீறி அரித்தால் வாய் கொப்பளித்து, குளிர்ந்த மோரோ தயிரோ மெதுவாக விழுங்குங்கள். சாதாரணமாகச் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். நாக்கோ உதடோ வீங்கினாலும், எச்சில் விழுங்க முடியாவிட்டாலும், குரல் மாறினாலும், மூச்சு இழுத்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி எலும்புக்கு வருவோம். அரிப்பு போய்விட்டால் ஆக்சலேட்டும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது துவையலுக்குள்தான் இருக்கிறது. பிரண்டையில் கால்சியம் ஏராளம் என்று படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதில் ஒரு பங்கு இந்த ஊசிகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது, உடம்பு அதை எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. ஒரு டம்ளர் பாலிலோ தயிரிலோ கிடைக்கும் கால்சியத்துக்குப் பதிலாகப் பிரண்டையை வைக்க முடியாது.

அப்படியானால் 'எலும்பொட்டி' என்ற பெயரெல்லாம் வீண்தானா? வீண் இல்லை. 1960களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் உடுப்பாவும் அவர் குழுவும் எலும்பு முறிந்த விலங்குகளுக்குப் பிரண்டைச் சத்தைக் கொடுத்து, முறிவு சீக்கிரம் கூடுவதைப் பதிவு செய்தார்கள். மனிதர்களிடமும் சிறிய அளவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது பிரித்தெடுத்த சத்து, மருந்தின் அளவில். பெரும்பாலும் பார்த்தது உடைந்த எலும்பு கூடுவதை. உங்கள் பிரச்சினை வேறு, அடர்த்தி குறைவது. வாரத்துக்கு இரண்டு முறை சாப்பிடும் துவையல் அந்த அடர்த்தியை ஏற்றும் என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அதற்காக நிறுத்தாதீர்கள்.

செரிமானத்துக்கு வந்தால் என் பேச்சு கொஞ்சம் இளகும். மந்தமாக இருக்கும் நாளில் சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டு இந்தத் துவையலைப் பிசைந்தால் பசி எடுக்கிறது, வயிறு லேசாகிறது என்று பலரும் சொல்வதை நானும் உணர்ந்திருக்கிறேன். அதில் பிரண்டைக்கு எவ்வளவு பங்கு, கூடச் சேர்ந்த இஞ்சிக்கும் பெருங்காயத்துக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். சாப்பிடுகிற நமக்கு அதைப் பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அளவை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன 100 கிராமில் ஏறக்குறைய பத்து மேசைக்கரண்டி துவையல் தேறும். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 10 கிராம் பிரண்டை. உங்களைப் போல வேறு சிக்கல் இல்லாத பெரியவருக்கு ஒரு வேளைக்கு ஒன்று அல்லது ஒன்றரை மேசைக்கரண்டி, வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் மதியச் சாப்பாட்டோடு என்பது என் கணக்கு. இது ஆய்வில் வந்த எண் அல்ல, ஆக்சலேட்டை மனதில் வைத்து நான் பரிந்துரைக்கும் அளவு. தினமும் குழிக்கரண்டியால் போட்டுக்கொள்வதும் பிரண்டைப் பொடியைத் தேக்கரண்டியாக விழுங்குவதும் வேண்டாம். பொடியில் தண்ணீர் கிடையாது, கொஞ்சமாகத் தெரிந்தாலும் அதற்குள் நிறையத் தண்டு இருக்கும். அதே சாப்பாட்டில் தயிரோ மோரோ கட்டாயம் சேருங்கள். அதிலுள்ள கால்சியம், ஊசியாகாமல் கரைந்த நிலையில் இருக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்வதால், இரத்தத்துக்குப் போவது குறையும்.

மாமனாருக்குச் சங்கடமான பதில்தான். வந்தது எந்தக் கல் என்று பழைய அறிக்கையில் பாருங்கள். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்தான். அதுவாக இருந்தாலோ, என்னவென்றே தெரியாவிட்டாலோ, பிரண்டையை அவர் தட்டில் வைக்காதீர்கள். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்ப்பது நல்லது. அவர் வாயுவுக்கு அதே துவையலைப் பிரண்டை இல்லாமல் அரையுங்கள்: இஞ்சியைக் கொஞ்சம் கூட்டி, பெருங்காயம், புளி. பிரண்டை எங்கே என்று கேட்டால் இன்றைக்குக் கொடியில் நுனி கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

ஃபிரிட்ஜில் இருப்பதைக் கொட்ட வேண்டாம், மூன்று நாளைத் தாண்டாமல், வாடை மாறாமல் இருந்தால் காப்பாற்றலாம். வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காயவைத்து, துவையலைப் போட்டு, கெட்டியாகக் கரைத்த புளி கொஞ்சம் விட்டு, சிறு தீயில் தொக்கு கிளறுவதுபோல் கிளறுங்கள். ஈரம் வற்றி ஓரத்தில் எண்ணெய் பிரிய ஏழெட்டு நிமிடம் ஆகும். ஆறியதும் மறுபடி கடுகளவு நாக்கில் வைத்துப் பாருங்கள். அப்போதும் அரித்தால் அதில் முற்றல் தண்டு நிறையச் சேர்ந்திருக்கிறது. அப்புறம் யோசிக்காமல் கொட்டிவிடலாம்.