ஸ்டேட்டஸ் ஸ்லைடில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள்: கலரை மாற்றினால் போதுமா?

கேள்வி: "பெங்களூருல ஐ.டி. கம்பெனி. வாராவாரம் ஒரே ஸ்டேட்டஸ் ஸ்லைடுதான். ப்ராஜெக்ட் பேரு, பக்கத்துல சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம், கீழ ஒரு சார்ட், சில வாரம் டெமோ வீடியோ. டீம்ல புதுசா சேர்ந்தவர், திரையில இருக்கறதை வாசிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர் வெச்சுதான் படிக்கிறார். இன்னொருத்தருக்கு சிவப்பு பச்சை குழப்பம். மேனேஜர் 'அக்ஸசிபிள் ஆக்கிடு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். கலரை மட்டும் மாத்தினா போதுமா?"

போதாது. கலரை மட்டும் "சரியாக" மாற்றினால் சிவப்பு பச்சை குழம்புகிறவருக்கு இப்போது இருப்பதைவிட மோசமாகிவிடும். பலர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை ஒரு விகிதமாகக் கணக்கிடுவார்கள். இரண்டும் ஒரே நிறம் என்றால் 1, வெள்ளையில் கறுப்பு என்றால் 21. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும். 18 பாயிண்ட் அல்லது அதற்கு மேல், அல்லது போல்டில் 14 பாயிண்ட் முதல், 3 இருந்தால் போதும். ஐகான், வட்டம், சார்ட்டின் பட்டை மாதிரி பொருள் சொல்கிற வடிவங்களுக்கும் அதே 3.

உங்கள் பவர்பாயிண்ட் ஸ்லைடில் இருக்கும் பச்சையின் நிறக் குறியீடு அநேகமாக `00B050`. அதன் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் 2.9தான் வரும், பெரிய எழுத்துக்குக்கூடத் தேறாது. எல்லாரும் எடுக்கிற மஞ்சள் `FFC000`, அதன் மேல் வெள்ளை எழுத்து 1.6. பளிச் சிவப்பான `FF0000` கூட 4.0 தாண்டாது. ஆகவே கலரை ஆழமாக்கச் சொல்வார்கள், நானும் அதைத்தான் சொல்வேன். சிவப்பை `C00000` ஆக்கினால் வெள்ளை எழுத்து 6.5, பச்சையை `007033` ஆக்கினால் 6.2. மஞ்சளை அப்படியே விட்டு மேலே கறுப்பு எழுத்து போடுங்கள், 12.8 வரும். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் வட்டமே கரைந்துபோகும் என்பதால் அதைச் சுற்றி `595959` சாம்பலில் ஒரு கோடு.

இப்போது வருகிறது வில்லங்கம். அந்த ஆழமான சிவப்புக்கும் ஆழமான பச்சைக்கும் நடுவே உள்ள விகிதம் 1.04. அதாவது நிறத்தைக் கழித்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல். பழைய சிவப்பும் பச்சையும் 1.4 ஆவது இருந்தன, பச்சை கொஞ்சம் வெளிறித் தெரியும். சிவப்பு பச்சை குழம்புகிற கண்ணுக்கு அந்த வெளிச்ச வித்தியாசம்தான் பிடிமானம், அதையும் பிடுங்கிவிட்டோம்.

இதை நீங்களே பார்க்கலாம். விண்டோஸில் Settings > Accessibility > Color filters போய் Grayscale தேர்ந்தெடுத்து, ஸ்லைடை முழுத்திரையில் திறந்து பாருங்கள். எந்த ப்ராஜெக்ட் நின்றுபோயிருக்கிறது என்று சொல்ல முடிகிறதா? அதே பட்டியலில் Red-green என்றும் இருக்கும், அதைப் போட்டுச் சோதிக்காதீர்கள். அது நிறக்குழப்பம் உள்ளவருக்கு உதவுவதற்காக நிறங்களை மாற்றித் தருவது, அவர் பார்ப்பதை உங்களுக்குக் காட்டுவதல்ல.

தீர்வு ரொம்பச் சாதாரணம். வட்டத்தை எடுத்துவிட்டு, டேபிளின் செல்லுக்குள்ளேயே "ஆன் ட்ராக்", "அட் ரிஸ்க்", "பிளாக்டு" என்று எழுத்தாக அடியுங்கள். செல்லின் பின்னணிக்கு மேலே சொன்ன நிறங்களைக் கொடுங்கள். நிறம் கூடுதல் வசதியாக இருக்கட்டும், செய்தியை எழுத்து சுமக்கட்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கும் உடனே தெரிய வேண்டுமென்றால் எழுத்துக்கு முன்னால் ▲ ■ ● மாதிரி வேறுவேறு வடிவம் வைக்கலாம், ஆனால் வடிவம் மட்டும் போதாது.

செல்லுக்குள்ளேயே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் புது சகா. டேபிள் மேல் ஒட்டிவைத்த வட்டம் டேபிளுக்குச் சொந்தமில்லை, அது தனியாக மிதக்கிற ஒரு பொருள். ஸ்க்ரீன் ரீடர் டேபிளை முழுக்கப் படித்துமுடித்த பிறகு, அல்லது தொடங்கும் முன்பே, விளக்கமில்லாத வடிவங்களாக ஒவ்வொரு வட்டத்தையும் சொல்லிக்கொண்டு போகும். எந்த வட்டம் எந்த வரிக்கு என்று காதால் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒவ்வொரு வட்டத்துக்கும் "பேமெண்ட் ப்ராஜெக்ட், சிவப்பு" என்று ஸ்க்ரீன் ரீடர் படிப்பதற்கான மாற்று உரை எழுதலாம்தான், ஆனால் அடுத்த வாரம் நிறத்தை மாற்றுகிறவர் உரையை மாற்ற மறந்துவிடுவார். கண்ணுக்குப் பச்சை, காதுக்குச் சிவப்பு. செல்லுக்குள் எழுத்தாக இருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. டேபிளில் Header Row டிக் ஆகியிருக்கிறதா, செல்களை எங்காவது மெர்ஜ் செய்திருக்கிறீர்களா என்பதை மட்டும் பாருங்கள். மெர்ஜ் இருந்தால் பிரித்துவிடுங்கள்.

மாற்று உரை உண்மையில் தேவைப்படுவது சார்ட்டுக்கு. அதன் மேல் ரைட் கிளிக் செய்தால் View Alt Text அல்லது Edit Alt Text வரும். அங்கே "பார் சார்ட்" என்று எழுதுவது காலியாக விடுவதற்குச் சமம். சார்ட்டைக் காட்டி மீட்டிங்கில் வாயால் என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள். உதாரணமாக: "திறந்திருக்கும் பக் எண்ணிக்கை, நான்கு வாரங்கள்: 42, 38, 51, 29. மூன்றாம் வாரம் ரிலீஸுக்குப் பின் ஏறி, நான்காம் வாரம் இறங்கியது." இரண்டு வரி போதும். பத்துப் பன்னிரண்டு எண்களுக்கு மேல் போனால் அவற்றை மாற்று உரைக்குள் திணிக்காமல் அடுத்த ஸ்லைடில் டேபிளாகப் போடுங்கள். மாற்று உரையைப் பாதியில் நிறுத்தி, தேவையான எண்ணுக்குத் திரும்பிப்போய்க் கேட்பது சிரமம். மூலையில் இருக்கும் கம்பெனி லோகோவுக்கு Mark as decorative டிக் செய்துவிடுங்கள், ஒவ்வொரு ஸ்லைடிலும் அதைக் கேட்டு யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பிறகு படிக்கும் வரிசை. Alt+F10 அழுத்தினால் Selection Pane திறக்கும். ஸ்க்ரீன் ரீடர் அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்கும், அதனால் தலைப்பு அடியில் இருக்க வேண்டும், அதற்கு மேல் டேபிள், அதற்கு மேல் சார்ட். கடைசி நிமிடத்தில் தலைப்பை அழித்து வேறு டெக்ஸ்ட் பாக்ஸில் போட்டிருந்தால் அது உச்சியில் போய் உட்கார்ந்திருக்கும், தலைப்பு என்ற அடையாளமும் போயிருக்கும். லேஅவுட்டில் வரும் தலைப்புப் பெட்டியிலேயே அடித்துவிட்டால் இந்த வேலை மிச்சம்.

Review > Check Accessibility ஓட்டிப் பாருங்கள், ஆனால் அது "பிரச்சினை இல்லை" என்றதும் நிறுத்திவிடாதீர்கள். மாற்று உரை இருக்கிறதா என்று அதற்குத் தெரியும், அதில் உருப்படியாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தெரியாது. நிறத்தை மட்டும் நம்பிப் பொருள் சொல்லியிருப்பதும் அதற்குப் பிடிபடாது.

"ஒரே ஒருத்தருக்காக டெம்ப்ளேட்டையே மாற்றணுமா?" என்று கமெண்டில் ஒருவர் வருவார், வந்தே தீருவார். அவருக்கு முன்கூட்டியே: விகிதம் போடும் சூத்திரத்தில் இரண்டு பக்கமும் 0.05 கூட்டுவார்கள், அறை வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பி வருவதற்கான கணக்கு அது. ஜன்னல் திரை போடாத கான்ஃபரன்ஸ் ரூமில், பல்பு மங்கிப்போன ப்ரொஜெக்டரில் அந்த வெளிச்சம் அதைவிட எவ்வளவோ அதிகம். லேப்டாப்பில் 2.9 காட்டிய பச்சை அங்கே இன்னும் கீழே போகும், நல்ல கண் உள்ளவரும் குனிந்து பார்ப்பார். தவிர, சட்டம் வேறு இருக்கிறது: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. ஆனால் சட்டத்தைக் காட்டி யாரையும் மாற்ற வைத்ததாகச் சரித்திரம் இல்லை, ப்ரொஜெக்டரைக் காட்டினால் மாற்றுவார்கள்.

டெமோ வீடியோவுக்கு கேப்ஷனைத் தனி ஃபைலாகக் கொடுங்கள், படத்துக்குள்ளேயே பதித்துவிடாதீர்கள். தனி ஃபைல் என்றால் வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம், நாளைக்குத் திருத்துவதும் சுலபம். நோட்பேடில் இப்படி அடித்து, `demo.vtt` என்று UTF-8இல் சேமியுங்கள்:

```
WEBVTT

00:00:00.000 --> 00:00:03.500
இது புது லாகின் பக்கம்.

00:00:03.500 --> 00:00:07.000
"Send OTP" பட்டனை அழுத்தினால்
எஸ்.எம்.எஸ். வரும்.
```

பிறகு வீடியோவைத் தேர்ந்தெடுத்து, Playback > Insert Captions. முதல் வரியில் `WEBVTT` இல்லாவிட்டாலோ, நொடிக்கும் மில்லி நொடிக்கும் நடுவே புள்ளிக்குப் பதில் கமா வந்துவிட்டாலோ கேப்ஷன் சரியாக வராது. `.srt` ஃபைலைப் பெயர் மட்டும் மாற்றிப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது அந்தக் கமாவில்தான். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். இன்னொன்று, டெமோவில் "இங்க க்ளிக் பண்ணா அது வரும்" என்று பேசியிருந்தால் கேப்ஷன் போட்டும் உங்கள் சகாவுக்குப் பயனில்லை. பட்டனின் பெயரைச் சொல்லிப் பேசி ஒரு முறை திரும்ப ரெக்கார்ட் செய்வது நல்லது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. ஆபீஸ் ஸ்லைடாவது பரவாயில்லை, இந்த ஊரில் பொங்கல் விழா, பட்டிமன்றம் என்று தமிழர்கள் சேர்ந்து போடும் நிகழ்ச்சிகளின் ஸ்லைடுகளைப் பாருங்கள். இன்னும் பாமினி எழுத்துருவில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். திரையில் "அம்மா" என்று தெரியும், ஃபைலுக்குள் இருப்பதோ `mk;kh`. ஸ்க்ரீன் ரீடர் அதை ஆங்கில எழுத்தாகத்தான் உளறும். காசில்லாமல் கிடைக்கும் என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடரிலேயே தமிழ் படிக்கும் குரல் வந்துவிட்டது, படிக்கத் தமிழ்தான் இல்லை. யூனிகோடில் அடியுங்கள் என்றால், "டிசைன் நல்லா இருக்காதுங்க" என்கிறார்கள். உங்கள் ஸ்லைடில் தமிழ் வருமானால் ஒரு சொல்லைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், தமிழாகவே வந்தால் சரி.

கடைசியாக, மீட்டிங் முடிந்து பிடிஎஃப் அனுப்பும்போது Print கொடுத்து Microsoft Print to PDF எடுக்காதீர்கள். டேபிள், மாற்று உரை, வரிசை என்று செய்த வேலை எல்லாம் அந்த வழியில் உதிர்ந்துவிடும். Save As போய் பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, Options உள்ளே Document structure tags for accessibility டிக் ஆகியிருக்கட்டும். வந்த ஃபைலை அக்ரோபேட் ரீடரில் திறந்து Ctrl+D அழுத்தினால் Tagged PDF என்று ஒரு வரி இருக்கும். அதில் No என்று இருந்தால் அனுப்பாதீர்கள், திரும்ப எடுங்கள்.