பார்க்க வருவது வேறு, தகவல் எடுக்க வருவது வேறு

கேள்வி: யாழ்ப்பாணத்தில் உளவியல் படிக்கும் மூன்றாம் வருட மாணவி நான். ஞாபகமறதி கிளினிக் நடத்தும் நரம்பியல் வைத்திய நிபுணர் ஒருவருக்கு, அங்கே வந்து பார்க்க அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். "தேவையென்றால் பரிசோதனைகளிலும் உதவுவேன், எனது ஆய்வுக்கும் சில தகவல்கள் எடுத்துக்கொள்வேன்" என்றும் எழுதினேன். பதிலே இல்லை. எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பதில்: பதில் வராததற்கு மேற்கோளில் உள்ள அந்த வரிதான் காரணமாக இருக்கும். கிளினிக்கில் உட்கார்ந்து பார்ப்பதற்கு வைத்திய நிபுணரின் சம்மதமும் வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதியும் பொதுவாகப் போதும். 'ஆய்வு' என்ற சொல் வந்தவுடன் அது அவர் கையை விட்டுப் போய்விடும். ஆய்வு முன்மொழிவு, நோயாளியின் சம்மதப் படிவம் எல்லாம் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவுக்குப் போகவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அப்படியொரு குழு இருக்கிறது. நோயாளியின் புள்ளிகளைக் கொப்பியில் குறித்து வைத்துப் பிறகு ஆய்வேட்டில் சேர்ப்பதும் இதற்குள்தான் வரும். ஆகவே இந்த மின்னஞ்சலில் ஆய்வைப் பற்றி மூச்சே விடாதீர்கள். பிறகு தேவைப்பட்டால் மேற்பார்வையாளர் மூலம் தனியாக விண்ணப்பிக்கலாம்.

பரிசோதனையில் உதவுகிறேன் என்பதும் அவரைத் தயங்க வைக்கும். இப்படியான கிளினிக்குகளில் பரவலாகப் பயன்படும் 'மொகா', ஞாபகம், கவனம் போன்றவற்றைப் பார்க்கும் 30 புள்ளிக்கான பரிசோதனை. சுமார் பத்து நிமிடம் எடுக்கும், அதை நடத்த முறையான பயிற்சி வேண்டும். ஐந்து சொற்களை இரண்டு தடவை வாசித்துக் காட்டி, சுமார் ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். தானாகச் சொன்ன சொல்லுக்கு மட்டுமே புள்ளி. வராத சொல்லுக்கு "அது ஒரு உடல் உறுப்பு" என்பது போல ஒரு குறிப்புக் கொடுத்துப் பார்ப்பார்கள். குறிப்புக் கொடுத்ததும் சொல் வந்துவிட்டால், அது மனதில் பதிந்திருக்கிறது, எடுப்பதில்தான் சிரமம் என்று ஊகிக்கலாம். குறிப்புக் கொடுத்தும் வராவிட்டால், பதியவே இல்லையோ என்று யோசிக்கவேண்டும். அல்சைமரில் பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலைதான். இந்த வித்தியாசத்தைப் பார்க்க விரும்புகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். வாசித்துவிட்டு வருகிற பிள்ளை என்று அவருக்கு விளங்கும்.

இன்னொரு விஷயம் நீங்கள் இருக்கும் இடம். "இது எந்த வருடம், அம்மா?" என்று கேட்டால், சில நோயாளிகள் பதில் சொல்லாமல் பக்கத்தில் இருக்கும் மகளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படித் தலை திருப்புவதே ஒரு மருத்துவ அறிகுறி. மகளுக்கு அருகில் நீங்களும் இருந்தால் உங்களையும் பார்ப்பார். நீங்கள் இரக்கப்பட்டுத் தலையாட்டினாலோ, பரிசோதனைக்காக அவர் மணிக்கூட்டுப் படம் வரையும்போது முகம் சுளித்தாலோ பரிசோதனை கெட்டது. நோயாளியின் கண்ணில் படாமல் பின்பக்கம் இருப்பேன் என்று நீங்களே எழுதினால் டொக்டரின் கவலை பாதி குறையும்.

சரி, கடிதம் இப்படி இருக்கலாம்:

"பொருள்: ஞாபகமறதி கிளினிக்கைப் பார்வையிட அனுமதி – உளவியல் மூன்றாம் வருட மாணவி

மதிப்பிற்குரிய டொக்டர்,

நான் உளவியல் மூன்றாம் வருட மாணவி. துறைத் தலைவரின் கடிதத்தை இணைத்துள்ளேன். தங்கள் கிளினிக்கை இரண்டு நாள் பார்வையிட அனுமதி கேட்கிறேன். நாட்களைத் தாங்களே தீர்மானிக்கலாம்.

சொற்களை நினைவுகூரும் பகுதியில் குறிப்புக் கொடுத்தபின் நோயாளியின் பதில் எப்படி மாறுகிறது, குடும்பத்தாரிடம் தனியாக எப்படி விபரம் கேட்கப்படுகிறது என்பதைக் காண விரும்புகிறேன். பரிசோதனை எதையும் நடத்தமாட்டேன். பெயர், புள்ளி, படம், ஒலிப்பதிவு எதையும் எடுக்கமாட்டேன். நோயாளியோ குடும்பத்தாரோ விரும்பாவிட்டால் உடனே வெளியேறுவேன். தாங்கள் சம்மதித்தால் பணிப்பாளருக்கான விண்ணப்பத்தைத் துறைத் தலைவர் ஊடாக அனுப்புவேன்."

இதற்கு மேல் வேண்டாம். சிறுவயது முதல் மூளையில் ஆர்வம் என்ற பந்தியை விட்டுவிடுங்கள், அதை எல்லோரும் எழுதுகிறார்கள். 'ஊடாக' என்பதில் மட்டும் கவனம். நம் அலுவலகங்களில் துறைத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் நேராகப் போகும் கடிதம் பெரும்பாலும் திரும்பி வரும்.

அனுமதி கிடைத்தபின்னும், ஒவ்வொரு நோயாளியிடமும் "ஒரு மாணவி இருக்கலாமா?" என்று டொக்டர் கேட்பார். ஞாபகம் குன்றியவர் முதலில் ஓம் என்றாலும், நடுவில் "இவ ஆர்?" என்று கேட்கலாம். மறுபடி யாரென்று சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். அவர் சங்கடப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

முந்தைய மின்னஞ்சலுக்கே மறுமொழியாக இதை அனுப்புங்கள். ஆய்வு பற்றிய வரியை மீளப் பெறுகிறேன் என்று மேலே ஒரு வசனம் போதும். ஒரு கிழமை கழித்தும் பதில் இல்லையென்றால் கிளினிக் முடியும் நேரத்தில் போய்த் தாதியிடம் கேளுங்கள். வரிசை நிற்கும் காலை வேளையில் வேண்டாம்.