எலக்ட்ரானின் எட்டு நாள் நடை

*அன்புள்ள ஐயா, வணக்கம். தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் பிளஸ் டூ படிக்கிறேன். இயற்பியல் பாடப்புத்தகத்தை நான்கு முறை வாசித்து, முக்கியமான வரிகளுக்கெல்லாம் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். வாசிக்கும்போது புரிகிறது. தேர்வில் சமன்பாட்டை வருவிக்கச் சொன்னால் மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறேன். கணக்கில் எண்ணை மாற்றிக் கொடுத்தாலே கை ஓடுவதில்லை. அரையாண்டில் 70க்கு 38. பொதுத்தேர்வுக்கு இன்னும் இரண்டரை மாதம். ஐந்தாவது முறை வாசிக்கலாமா, வேறு வழி இருக்கிறதா?*

*ம.*

அன்புள்ள ம.,

ஐந்தாவது முறை வாசிக்க வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எப்படித் திட்டமிடுவது என்று பொதுவாகச் சொல்வதைவிட, ஒரே ஒரு சமன்பாட்டை வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதை எப்படிக் கழிக்கலாம் என்று காட்டுகிறேன். இரண்டாம் அலகு மின்னோட்டவியலில் வரும் இழுப்புத் திசைவேகத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் தோட்டத்துக்குத் தோட்டம் போர் மோட்டார் இருக்கும், அதற்குக் கம்பியும் இருக்கும்.

முதல் அரை மணி நேரம் வருவிப்புக்கு. கம்பிக்குள் மின்புலம் E. எலக்ட்ரான் மேல் விசை eE, ஆகவே முடுக்கம் eE/m. அது ஓடுகிறது, ஓர் அயனியில் மோதுகிறது, வேகத்தை இழக்கிறது, மறுபடி ஓடுகிறது. இரண்டு மோதல்களுக்கு இடைப்பட்ட சராசரி நேரம் τ. ஆகவே v = eEτ/m. நீங்கள் நின்றுபோகும் மூன்றாவது வரி இதுவாக இருந்தால் எனக்கு வியப்பில்லை. வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போகும் இடம் இது. எழுதும்போதுதான் ஒரு கேள்வி குறுக்கே வந்து நிற்கும்: மோதலுக்கும் மோதலுக்கும் நடுவில் வேகம் பூஜ்யத்திலிருந்து eEτ/m வரை ஏறுகிறது என்றால், சராசரி அதில் பாதியாக அல்லவா இருக்க வேண்டும்? அந்த 2 எங்கே போனது?

நான் படித்த காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டு வகுப்பில் உட்காரவைக்கப்பட்டேன். பதில் கிடைக்கப் பல வருடங்கள் ஆயின. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மோதல்கள் சம இடைவெளியில் நடப்பதில்லை. டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ், ஆனால் நேரம் தவறித் தவறி வருகிறது. சில சமயம் ஐந்து நிமிடத்தில் இரண்டு, சில சமயம் ஐம்பது நிமிடத்துக்கு ஒன்றுமில்லை. நீங்கள் ஏதோ ஒரு நேரத்தில் நிறுத்தத்துக்குப் போனால், அந்த நீண்ட இடைவெளிக்குள் போய் மாட்டிக்கொள்ளும் வாய்ப்புதான் அதிகம். நீளமாக இருப்பதாலேயே அது நாளில் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் “கடைசி பஸ் போய் எவ்வளவு நேரம் ஆயிற்று?” என்று கேட்டால் சராசரி பதில் பத்து நிமிடமாக இருக்காது. வருகை முழுக்க முழுக்கத் தற்செயலாக இருந்தால் அது சரியாக இருபது நிமிடமே. எலக்ட்ரானுக்கும் அப்படித்தான். ஒரு கணத்தில் கம்பியில் உள்ள எல்லா எலக்ட்ரான்களையும் நிறுத்தி, “கடைசியாக மோதி எவ்வளவு நேரம் ஆயிற்று?” என்று கேட்டால் சராசரி τ வரும், τ/2 வராது. ஆகவே சராசரி வேகம் eEτ/m. பாதி வராது.

இதைத் தேர்வில் எழுத வேண்டியதில்லை. ஆனால் இந்த வரியில் ஒருமுறை நின்று யோசித்தவருக்கு அது பிறகு மறக்காது. வருவிப்பை எழுதிப் பார்ப்பதால் கிடைக்கும் லாபம், எந்த வரியில் நமக்கு நம்பிக்கை இல்லை என்பது தெரிவதுதான். அந்த வரிக்கு மட்டும் புத்தகத்தைத் திறங்கள், உடனே மூடுங்கள். மறுநாள் முழுவதையும் திரும்ப எழுத வேண்டாம், அந்த ஒரு வரியைச் சுற்றி மட்டும் எழுதுங்கள்.

அடுத்த பகுதி எளிது. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு A, ஒரு கன மீட்டரில் உள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் n. t நேரத்தில் vt நீளத்துக்குள் இருப்பவை அனைத்தும் ஒரு குறுக்குவெட்டைக் கடந்துவிடும். அவற்றின் எண்ணிக்கை nAvt, மின்னூட்டம் nAvte. அதை t ஆல் வகுத்தால்:

I = nAve

இப்போது அலகுச் சோதனை. இதற்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் தவறாமல் செய்ய வேண்டும்.

m⁻³ × m² × (m/s) × C = C/s

கூலூம் பெர் வினாடி என்றால் ஆம்பியர். சரி. முந்தைய சமன்பாட்டையும் பாருங்கள்: eE என்பது நியூட்டன், நியூட்டனைக் கிலோகிராமால் வகுத்தால் m/s², அதை வினாடியால் பெருக்கினால் m/s. அதுவும் சரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நாம் இவ்வளவு நேரம் மல்லுக்கட்டிய அந்த 2 இருந்தாலும் இல்லாவிட்டாலும் அலகுச் சோதனை “சரி” என்றே சொல்லும். வெறும் எண்களுக்கு அலகு கிடையாது. A விட்டுப்போனாலோ v இரண்டு முறை வந்தாலோ அது காட்டிக்கொடுக்கும், பாதியா முழுதா என்பதைக் காட்டாது. அதற்கு வருவிப்புதான் துணை.

இனிக் கணக்கு. மாலையின் மீதி நேரம் முழுவதும் இதற்குத்தான்.

போர் மோட்டாருக்குப் போகும் தாமிரக் கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் என்று கொள்வோம், மின்னோட்டம் 10 ஆம்பியர். n மதிப்பைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் நீங்களே கணக்கிடுங்கள். தாமிரத்தின் அடர்த்தி 8960 kg/m³, ஒரு மோலின் நிறை 63.5 கிராம். ஓர் அணுவுக்கு ஒரு கட்டற்ற எலக்ட்ரான்.

n = (8960 / 0.0635) × 6.02 × 10²³ ≈ 8.5 × 10²⁸ m⁻³

என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப்பேர் தவறியது இங்கேதான். 63.5 ஐக் கிராமிலேயே போட்டுவிடுவார்கள். n ஆயிரம் மடங்கு குறையும், வேகம் ஆயிரம் மடங்கு கூடும். வினாடிக்கு ஏறத்தாழ 0.29 மீட்டர் என்று விடை வரும். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தவறான விடைதான் மாணவருக்குச் சரியாகத் தோன்றும். மின்சாரம் வேகமானது என்று மனதில் பதிந்திருக்கிறது அல்லவா! எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதியிருந்தால், மேலே kg, கீழே g என்று இரண்டும் வெட்டுப்படாமல் நின்று அகப்பட்டிருக்கும். அலகைக் கடைசி வரியில் மட்டும் ஒட்டவைப்பவருக்கு இந்த உதவி கிடைக்காது.

இரண்டாவது பள்ளம் பரப்பில். 2.5 mm² என்பது 2.5 × 10⁻⁶ m². மில்லி என்றதும் 10⁻³ போடும் பழக்கம் இருந்தால், மில்லிமீட்டரை வர்க்கப்படுத்த வேண்டும் என்பது மறந்துபோகும். (10⁻³ m)² என்று அடைப்புக்குறியோடு ஒருமுறை எழுதிவிடுங்கள்.

v = 10 / (8.5 × 10²⁸ × 2.5 × 10⁻⁶ × 1.6 × 10⁻¹⁹) ≈ 2.9 × 10⁻⁴ m/s

வினாடிக்கு 0.3 மில்லிமீட்டர்கூட இல்லை. விடைக்குக் கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்கு ஓடாதீர்கள். இந்த எண் நம்பும்படி இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பத்திலிருந்து மோட்டார் வரை 200 மீட்டர் கம்பி என்றால், இந்த வேகத்தில் ஓர் எலக்ட்ரான் போய்ச் சேர ஏறத்தாழ 6.8 லட்சம் வினாடி, அதாவது எட்டு நாள் ஆகும். சுவிட்சைத் தட்டிய உடனே மோட்டார் ஓடுகிறதே? ஓடும். குழாய் முழுக்கத் தண்ணீர் ஏற்கெனவே நிறைந்திருந்தால், இந்த முனையில் தள்ளியதுமே அந்த முனையில் கொட்டும். இங்கே தள்ளிய தண்ணீரே அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில்லை. கம்பி முழுக்க எலக்ட்ரான்கள் இருக்கின்றன. மின்புலம் ஒளியின் வேகத்துக்குப் பக்கமான வேகத்தில் கம்பி நெடுகப் பரவி, எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நகர்த்துகிறது. “இழுப்புத் திசைவேகம் மிகக் குறைவாக இருந்தும் விளக்கு உடனே எரிவது ஏன்?” என்ற வினாவுக்கு இனி நீங்கள் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கணக்கே பதிலைக் கொடுத்துவிட்டது.

இந்த மாதிரி ஒரு மாலைக்கு ஒரு சமன்பாடுதான் நடக்கும், சில நாள் இரண்டு. அரை மணி வருவிப்பு, ஐந்து நிமிடம் அலகு, ஒரு மணி நேரம் கணக்கு. கணக்கில் முதலாவது புத்தகத்தில் உள்ளது, இரண்டாவது அதே கணக்கில் கேட்ட அளவை மாற்றி v கொடுத்து A கேட்பது, மூன்றாவது பழைய வினாத்தாளிலிருந்து. எண்ணை மாற்றினால் கை ஓடவில்லை என்கிறீர்களே, அதற்கு மருந்து அந்த இரண்டாவது கணக்கில் இருக்கிறது. தவறிய கணக்கைத் தனி நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரே வரியில் காரணத்தைக் குறியுங்கள்: “கிராம்”, “வர்க்கம்”, “குறி”. மூன்று வாரத்தில் உங்களுக்கென்று நாலைந்து தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தெரியும்.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். குறைகடத்திகள் பற்றிய பாடத்திலும் அண்மைக்கால வளர்ச்சிகள் பற்றிய கடைசிப் பாடத்திலும் வாசித்து எழுதிப் பார்ப்பதே பெரும்பகுதி. அவற்றை இரவு உணவுக்குப் பிறகு, களைத்திருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிலைமின்னியல், மின்னோட்டவியல், காந்தவியல், மின்காந்தத் தூண்டல், ஒளியியல் இவற்றுக்குத் தெளிவாக இருக்கும் மாலை நேரத்தைக் கொடுங்கள். வினாத்தாளில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து எழுத வேண்டும், 25 மதிப்பெண். வருவிப்புகள் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

கடைசியாக ஒன்று. மேலே எட்டு நாள் என்றேனே, அதில் ஒரு குறை இருக்கிறது. உங்கள் தோட்டத்துக்கு வருவது 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம். எலக்ட்ரான் ஒரே திசையில் போவதே இல்லை, வினாடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் அசைகிறது. 10 ஆம்பியர் என்பது rms மதிப்பு என்றால், அது நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் விலகும்? பெரும வேகத்தை ω ஆல் வகுத்துப் பாருங்கள். எனக்கு 1.3 × 10⁻⁶ மீட்டர் வந்தது. உங்களுக்கு வேறு எண் வந்தால், முதலில் √2 ஐயும், பிறகு 2π ஐயும் தேடுங்கள்.