புகார்க் கடிதத்தில் ஆதாரம் எது?

"குளிர்சாதனப் பெட்டி பற்றிய புகார்க் கடிதம். ‘எழுதியவர் காட்டும் ஆதாரம் என்ன?’ என்ற கேள்விக்கு ‘மருந்துகள் வீணாகி மன உளைச்சலுக்கு ஆளானார்’ என்று எழுதினேன். மதிப்பெண் இல்லை. ஏன்?"

நீங்கள் எழுதியது பாதிப்பு. அது எழுதியவர் சொல்லும் குறையோடு சேரும். ஆதாரம் என்பது கடிதத்தைப் பெறுபவர் தானே எடுத்துச் சரிபார்க்கக்கூடிய ஒன்று: ரசீது எண், தேதி, பழுதுபார்த்தவர் கொடுத்த சீட்டு, புகைப்படம்.

கடிதத்தில் அழுத்தமாக இருக்கும் வரி கண்ணை இழுத்துவிடும். ஆதாரமோ பெரும்பாலும் உப்புச்சப்பில்லாத வரியில் கிடக்கும். "இரு முறை பழுதுபார்த்த சீட்டுகளின் நகலை இணைத்துள்ளேன்" என்பது போல. ‘இணைத்துள்ளேன்’, ‘நகல்’, ‘தேதியிட்ட’ போன்ற சொற்களைத் தேடுங்கள். கடிதத்தின் அடியில் ‘இணைப்பு’ என்ற பகுதி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

சந்தேகமாக இருந்தால், நிறுவனம் "அப்படி நடக்கவே இல்லை" என்று மறுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எதை எடுத்து நீட்ட முடியும்? மன உளைச்சலை நீட்ட முடியாது, சீட்டை நீட்டலாம். ஆனால் கெட்டுப்போன மருந்துகளின் படத்தை அவர் இணைத்திருந்தால் அந்தப் படம் ஆதாரம்தான்.

அப்புறம், கோரிக்கைக் கேள்வியிலும் இதே மாதிரி ஒரு சறுக்கல் உண்டு. "15 நாட்களுக்குள் புதிய பெட்டி தரவும்" என்பதுதான் கோரிக்கை. காலக்கெடுவையும் சேர்த்தே எழுதுங்கள். "தவறினால் சட்ட நடவடிக்கை எடுப்பேன்" என்பது எச்சரிக்கை மட்டுமே.

ஒன்று மட்டும்: கேள்வி ‘ஆதாரம்’ என்று கேட்காமல் ‘காரணங்கள்’ என்று கேட்டால், மருந்து வீணானதையும் எழுதலாம்.