சேற்று நாற்றத்திலிருந்து ஒரு கேள்வி

அன்புள்ள ஐயா,

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பைப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு அழைத்துச் சென்றேன். ஐந்து பேருக்கு ஓர் அறிக்கை என்று எழுதச் சொன்னேன். அழகாகவே எழுதியிருக்கிறார்கள். அந்த அறிக்கைகளை வைத்து இருபது மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு வைத்தேன். அநேகமாக எல்லோரும் பதினெட்டுக்கு மேல். அன்று காய்ச்சலால் வராத மாணவிக்குப் பத்தொன்பது! அவள் தோழியின் அறிக்கையைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறாள். அப்படியானால் நான் எதைத்தான் சோதித்தேன்? கேள்விகளை எப்படி எடுப்பது என்று எழுத முடியுமா?

ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தக் காய்ச்சல் மாணவிக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். அவளைப் போல வராதவர் ஒருவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். இனிமேல் தேர்வுக்கு முன்பே கேள்விகளை அவரிடம் கொடுத்து, மதிப்பெண் எதுவும் இல்லாமல், அறிக்கையைப் படித்துவிட்டுப் பதில் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடையில்லாமல் பதில் சொல்லிவிடும் கேள்வி பயணத்தைச் சோதிக்கவில்லை, வாசிப்பைச் சோதிக்கிறது. நானும் பள்ளியில் இருந்த காலத்தில் இதே தவற்றைச் செய்தேன். "பிச்சாவரம் எந்த இரண்டு ஆறுகளின் கழிமுகங்களுக்கு இடையே உள்ளது?" என்று கேட்டேன். வெள்ளாறு, கொள்ளிடம் என்று எல்லோரும் எழுதினார்கள். அதற்குப் படகு ஏற வேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் மாணவர்களின் அறிக்கையை ஒரு பென்சிலோடு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்தே எழுதியிருக்கக்கூடிய வரிகளை அடித்துவிடுங்கள். "2022ஆம் ஆண்டில் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது" என்ற வரி போய்விடும். "சுரபுன்னை, வெண்கண்டல் ஆகிய மரங்கள் காணப்படுகின்றன" என்பதும் போய்விடும். முக்கால்வாசி அறிக்கை அடிபட்டுப் போகும், பயப்பட வேண்டாம். மிஞ்சுகிற வரிகள் சற்றுக் கரடுமுரடாக இருக்கும். "சேறு கருப்பாக இருந்தது, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது." "வெண்கண்டல் இலையை நக்கிப் பார்த்தோம், உப்புக் கரித்தது. சுரபுன்னை இலை கரிக்கவில்லை." "சேற்றில் பென்சில் நட்டதுபோல வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன." பெரும்பாலும் நாம் சிவப்பு மையால் "தேவையில்லை" என்று எழுதுகிற வரிகள் இவைதான். கேள்விகள் பிறக்க வேண்டியதும் இங்கிருந்துதான்.

ஆனால் அந்த வரியையே திருப்பிக் கேட்காதீர்கள். "சேறு என்ன நாற்றம் அடித்தது?" என்றால் பக்கத்து இருக்கையில் கேட்டு எழுதிவிடலாம். பார்த்தது அப்படியே இருக்கட்டும், நிலைமையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அவர்கள் பார்க்காத ஒரு நாளை, பார்த்ததை வைத்து யோசிக்க வேண்டும்.

வேர் வரியை எடுத்துக்கொள்வோம். வெண்கண்டலின் அந்தப் பென்சில்கள் சுவாச வேர்கள். அவற்றில் இருக்கும் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே போய், சேற்றுக்குள் புதைந்த வேர்களுக்கு ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கிறது. சேற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. முட்டை நாற்றம் அதனுடையதுதான். இதை வைத்து நான் கேட்கும் கேள்வி இது:

"ஒரு படகிலிருந்து டீசல் கொட்டி, வெண்கண்டலின் மேலே நீட்டியிருக்கும் வேர்கள் முழுவதும் எண்ணெய் பூசியதுபோல ஆகிவிட்டன. இலையில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. மரத்துக்கு என்ன ஆகும்? ஏன்? அன்று நீங்கள் பார்த்த அல்லது முகர்ந்த ஒன்றைச் சான்றாகக் காட்டுங்கள்."

சரியான பதில்: துளைகள் அடைபட்டுப் போகும், சேற்றுக்குள் இருக்கும் வேர்களுக்குக் காற்று கிடைக்காது, மரம் மெல்ல நலிந்து சாகக்கூடும், சேற்றில் காற்றில்லை என்பதற்கு அந்த நாற்றமே சான்று. ஆனால் இந்தக் கேள்வியில் தவறான பதில்கள்தாம் அதிகம் பேசும். "உப்பு வெளியேற முடியாமல் தேங்கும்" என்று எழுதுபவர், மேலே நீட்டிய வேர் உப்பைத் துப்புகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். "தண்ணீர் உறிஞ்ச முடியாது, வாடிவிடும்" என்பவர் சாதாரண வேரைப் போலவே இதையும் நினைக்கிறார். "ஒன்றும் ஆகாது, இலையில்தானே படவில்லை" என்பவருக்கு மரம் மூச்சு விடுவது இலையால் மட்டும்தான். மூவருமே அறிக்கையில் "சுவாச வேர்கள் காற்றை உறிஞ்சுகின்றன" என்று பிழையில்லாமல் எழுதியிருப்பார்கள். அந்த ஒரே வரிக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு புரிதல்கள் ஒளிந்திருந்தது அறிக்கையைத் திருத்தியபோது தெரியவே தெரியாது.

உப்பு வரி இன்னும் வளமானது. "சுரபுன்னை இலை கரிக்கவில்லை. ஆகவே அது நன்னீர் மரம் என்று ஒரு மாணவன் முடிவு செய்தான். நீங்கள் படகிலிருந்து பார்த்த எது இதற்கு எதிராக இருக்கிறது?" என்று கேட்கலாம். வாய்க்காலின் விளிம்பில், உப்புத் தண்ணீரிலேயே முட்டு வேர்களை ஊன்றிச் சுரபுன்னை நின்றதைப் பார்த்தவர் அதை எழுதிவிடுவார். அது வேரிலேயே பெரும்பாலான உப்பைத் தடுத்துவிடுகிறது என்பது யார் கண்ணுக்கும் தெரியாத செய்தி. அதை எழுதாததற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். பார்க்கக்கூடியதற்கும் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியதற்கும் நடுவே நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் வாசிப்பைத்தான் சோதிப்பீர்கள்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: "பெருமழை பெய்து ஓய்ந்தவுடன் போயிருந்தால் வெண்கண்டல் இலை கரித்திருக்குமா?" இலையில் உள்ள உப்புச் சுரப்பிகள் வெளியேற்றிய உப்பு மேற்பரப்பில் படிந்திருக்கிறது, மழை அதைக் கழுவிவிடும். இலையே உப்பால் ஆனது என்று நினைத்தவர் "எப்போதும் கரிக்கும்" என்பார். ஒரே வரியில் பிடிபட்டுவிடுவார்.

இதில் ஓர் இடறலும் உண்டு. எல்லாப் படகும் ஒரே வாய்க்காலில் போயிருக்காது. ஒரு படகு இலையை நக்கியிருக்கும், இன்னொன்று தூரத்திலிருந்தே பார்த்திருக்கும். எல்லோரும் பார்த்தது எது என்று உறுதியாகத் தெரியாத கேள்விக்கு, அன்று எடுத்த ஒரு படத்தைத் தாளில் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதிர்ஷ்டத்துக்கு மதிப்பெண் போடுகிறோம். இத்தகைய கேள்விகள் இருபது வேண்டாம், மூன்று போதும். திருத்த நேரமும் கிடைக்கும்.

ஐந்து பேர் அறிக்கையை ஒருவரே எழுதியிருப்பார் என்ற சங்கடம் உங்கள் கடிதத்தில் சொல்லாமலே தெரிகிறது. எழுதாத நால்வரில் ஒருவரை அழைத்து, அவர்கள் அறிக்கையிலிருந்தே ஒரு வரியைக் காட்டி, "இதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "நான்தான் டீச்சர் அந்த இலையை நக்கினேன்" என்று ஒருவன் முகம் சுளித்துக்கொண்டே சொன்னால், அவன் பெயருக்கு நேரே ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்தவனை அழைக்கலாம்.